வீழ்ந்த பீப்பாயும் வாய் திறவாத வணிகனும்

கண்ட சாட்சி எங்கே? இக்கேள்வியை நம் நாட்டு அலுவலகங்களின் வாயிலில் நின்ற ஒவ்வொருவரும் கேட்டிருப்பர். மின்கம்பி அறுந்து வீழ்ந்து வழிப்போக்கன் கருகுகின்றான். அரசாங்க வைத்தியசாலையிலே சிறு சத்திரசிகிச்சைக்குச் சென்ற தாய் கையிழந்து திரும்புகின்றாள். ஓடிக்கொண்டிருந்த பஸ் வண்டி எதிரே எவ்வாகனமும் இல்லாதிருக்கத் தெருவை விட்டேறிக் கடை வாயிலில் நின்ற சிறுவனை நசுக்குகின்றது. பாதிக்கப்பட்டோர் பரிகாரம் வேண்டிச் செல்லும்போது அவர்களை எதிர்கொள்ளும் முதல் வினா இதுவே: எங்கள் ஊழியருள் எவன் கவனயீனமாக நடந்தான்? எதைச் செய்தான்? எதைச் செய்யாது விட்டான்? அதை நேரிற் கண்டவர் யார்? கண்டவர் இல்லையெனின் விசாரணைக் குழுவின் அறிக்கை ஒரே வரியில் முடிகின்றது. கவனயீனத்துக்குச் சான்று இல்லை என்பதே அவ்வரி.

இவ்வரி சட்டத்தின் மொழிபோலத் தோன்றினும் சட்டம் அவ்வாறு சொல்வதில்லை. நேரிற் கண்ட சாட்சி இல்லாத இடத்திலும் நடந்த விபத்தே கவனயீனத்துக்குச் சான்றாகக்கூடும் என்று ஆங்கில நீதிமன்றுகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வந்துள்ளன. இதனை இலத்தீன் மொழியில் ‘றெஸ் இப்ஸா லொக்விற்றூர்’ என்பர். ‘பொருள் தானே பேசுகின்றது’ என்பது அதன் கருத்து. பொருள் எப்பொழுது பேசும், எப்பொழுது பேசாது என்பதை நம் மக்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். நம்மைப் போன்ற பத்திரிகையாளரும் அறிந்துகொள்ளல் வேண்டும். ஏனெனில் பேசாத பொருளையும் பேசுவதாகக் கொண்டு கூக்குரலிடும் குற்றம் நம்மிடத்தும் உண்டு.

இக்கோட்பாடு பிறந்த இடம் இங்கிலாந்தின் துறைமுக நகராகிய லிவர்ப்பூல். 1863 ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட அவ்வழக்கு ‘பைர்ன் எதிர் போடில்’ என்ற பெயரால் இன்றும் சட்ட மாணவர் எல்லோருக்கும் கற்பிக்கப்படுகின்றது. வழக்காளி அந்நகரத்துத் தெருவொன்றின் வழியே நடந்து சென்றுகொண்டிருந்தான். எதிராளி மா வியாபாரி. அவனது கடைக்கு மேலே மாப் பீப்பாய்கள் வைக்கும் களஞ்சியம் இருந்தது. வழக்காளி அக்கடையை அணுகியபோது மேல்மாடிப் பலகணியிலிருந்து ஒரு பீப்பாய் அவன்மீது வீழ்ந்தது. அதன்பின் நிகழ்ந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. அடிபட்டதையேனும் தான் உணரவில்லை என்றே அவன் நீதிமன்றிற் கூறினான். இரு வாரங்களாக எழுந்து நடமாட இயலாது கிடந்தான்.

சாட்சிகளும் இருந்தனர். ஆயினும் அவர்கள் கண்டது மிகச் சிறிது. பீப்பாய் வீழ்ந்ததையும் மனிதன் சாய்ந்ததையும் கண்டனர். கடை வாயிலில் ஒரு குதிரை வண்டி நின்றது. மேலே என்ன நடந்தது என்பதை எவரும் கண்டிலர். கயிறு அறுந்ததா, கொக்கி நழுவியதா, ஊழியன் கைதவற விட்டானா, உருட்டிச் செல்கையிற் பலகணியைக் கடந்து உருண்டதா? பீப்பாயைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தனரா என்பதுகூட அவர்களுக்கு உறுதியாய்த் தெரியவில்லை.

முதலில் விசாரித்த நீதிமன்று வழக்கைத் தள்ளிவிட்டது. கவனயீனம் என்று சொல்லத்தக்க செயல் எதுவும் காட்டப்படவில்லை என்பது காரணம். எனினும் மேல்மன்று மாறாகத் தீர்க்குமாயின் எவ்வளவு ஈடு கொடுக்கப்படல் வேண்டும் என்பதை ஜூரிமார் முன்கூட்டியே மதித்து வைத்தனர். அது 50 பவுண். வழக்கு மேலே சென்றது. எதிராளியின் நியாயவாதி சொன்னதை நாம் இகழ்ந்து தள்ளுவதற்கில்லை. பீப்பாயைக் கையாண்டவர் எதிராளியின் ஊழியர்தாம் என்பது எவ்வாறு தெரியும்? வாங்க வந்தவனின் ஆட்கள் கையாண்டிருக்கலாம். யாரோ ஒருவன் குற்றத்தை வணிகன் தலையிற் சுமத்துவது முறையோ? வழக்காளி தன் வழக்கைத் தானே எண்பித்தல் வேண்டும் என்பது தொன்றுதொட்டு வரும் விதியன்றோ?

பிரதம நீதிபதி பொலக்கின் விடை எளிமையானது. களஞ்சியத்தில் உள்ள பீப்பாய் எவருடைய கவனயீனமும் இன்றித் தானாகவே பலகணி வழியே வெளிப்பட்டுத் தெருவில் வீழ்வதில்லை. தெருவில் நடந்து செல்பவன், பீப்பாய்களுக்குப் பொறுப்பாயிருந்த வணிகனின் ஊழியரைத் தேடிப் பிடித்து அவர்களையே தன் சாட்சிகளாக அழைத்து அவர்கள் வாயாலேயே அவர்கள் குற்றத்தை எண்பிக்க வேண்டும் என்பது நகைப்புக்கிடமானது. பீப்பாய் எதிராளியின் களஞ்சியத்தில் அவனது ஆட்சியில் இருந்தது. அது வீழ்ந்ததே கவனயீனத்துக்கு முதற்றோற்றச் சான்று. அதனை மறுக்கும் உண்மைகள் எதிராளியிடம் இருப்பின் அவன் வந்து சொல்லட்டும். வழக்காளிக்கு 50 பவுணும் தீர்ப்பாயிற்று.

அப்பீப்பாய் உண்மையில் ஏன் வீழ்ந்தது என்பதை அவ்வழக்கின் ஏடுகளிலிருந்து இன்றும் அறிய இயலாது. அதனை அறிந்திருக்கக் கூடியவர்கள் வணிகனும் அவன் ஆட்களும். இதனை நாம் அழுத்திச் சொல்வதன் காரணம், இக்கோட்பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கின்றது என்பதே. வணிகன் கொடியவன் என்பதல்ல தீர்ப்பு. யாருக்குத் தெரிந்திருக்கும் என்பதே அங்கு நோக்கப்பட்டது. ஒருவன் மதிலுக்கு வெளியே நிற்கின்றான். மற்றவன் உள்ளே நிற்கின்றான். உள்ளே நடந்ததை வெளியே நின்றவன் எண்பிக்க வேண்டும் என்றால் மதில் கட்டிய ஒவ்வொருவனும் பொறுப்பிலிருந்து தப்பி விடுவான்.

இரண்டாண்டு கழித்து, 1865 ஆம் ஆண்டில், இவ்வெண்ணம் ஒழுங்கான விதியாகச் சொல்லப்பட்டது. லண்டன் துறைமுகக் களஞ்சியம் ஒன்றன் முன்னே தன் கடமை நிமித்தம் சென்ற சுங்க உத்தியோகத்தன்மீது ஆறு சீனி மூட்டைகள் வீழ்ந்தன. அவ்வழக்கிற் பிரதம நீதியரசர் ஏர்ல் இரண்டு நிபந்தனைகளை வகுத்தார். தீங்கு விளைத்த பொருள் எதிராளியின் அல்லது அவனது ஊழியரின் ஆட்சியில் இருந்திருத்தல் வேண்டும் என்பது ஒன்று. ஆட்சியில் உள்ளோர் தக்க கவனம் செலுத்துமிடத்து வழமையில் நிகழாத வகையைச் சார்ந்த விபத்தாக அது இருத்தல் வேண்டும் என்பது மற்றையது. இவ்விரண்டும் கூடி, எதிராளி விளக்கம் தராதிருப்பின், கவனக் குறைவினாலேயே விபத்து நேர்ந்தது எனக் கொள்ள நியாயமான சான்று உண்டு. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. விதியை இத்துணை அழகாக எடுத்துரைத்த ஏர்ல், அதனை அச்சீனி மூட்டைகளுக்குப் பொருத்திய பெரும்பான்மையோருடன் உடன்படவில்லை! விதியைச் சொல்வது வேறு, ‘இப்பொருள் பேசுகின்றதா’ என்று செவிமடுத்துத் துணிவது வேறு.

இவ்விரு நிபந்தனைகளையும் நம் மண்ணின் மின்கம்பியிலே வைத்துப் பார்ப்போம். பங்குனி மாத நண்பகல். காற்றில்லை, மழையில்லை. தூணிலிருந்த கம்பி அறுந்து சந்தைத் தெருவில் வீழ்கின்றது. கம்பியும் தூணும் அதனைப் பரிபாலிக்கும் கடமையும் ஒரே சபையிடம் உள்ளன. முறையாகப் பார்வையிடப்பட்டு வரும் கம்பி அமைதியான நண்பகலிலே தானாக அறுந்து வீழ்வது வழமையன்று. இங்கே பொருள் பேசுகின்றது. அதே கம்பி கார்த்திகைச் சூறாவளியின் இரவிலே அயல் வளவின் தென்னை முறிந்து மேலே வீழ அறுந்தது என வைத்துக் கொள்வோம். கம்பி அதே கம்பி. சபையும் அதே சபை. ஆயினும் இப்பொழுது பொருள் வாய் மூடிவிட்டது. கவனமாயிருந்த சபையின் கம்பியும் அவ்விரவில் அறுந்திருக்கும். சபையைக் குற்றஞ் சாட்ட வேண்டுமெனின் வேறு சான்று தேடல் வேண்டும்: வீழ்ந்த கம்பியில் மின்னோட்டம் உடனே நின்றதா, அறிவித்தல் கிடைத்தும் எத்தனை மணி நேரம் ஒருவரும் வரவில்லை என்பன போன்றவை.

இது வெறுங் கற்பனையன்று. கனடாவில் வேட்டைக்குச் சென்ற இருவர் 1990 ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் காணாமற் போயினர். சில வாரங்கள் கழித்து அவர்களது வாகனம் மலைப் பாதைக்குக் கீழே உள்ள ஓடையிற் கண்டெடுக்கப்பட்டது. இருவரும் இறந்திருந்தனர். அவ்வேளையிற் கடும் மழையும் வெள்ளமும் அப்பகுதியைச் சிதைத்திருந்தன. வண்டி ஓட்டியவனின் கவனயீனமே காரணம் என மற்றவனின் மனைவி வழக்கிட்டாள். 1998 ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்று அதனை மறுத்தது. வண்டி தெருவை விட்டு விலகியது என்ற ஒன்றிலிருந்து கவனயீனத்தைப் பெறுதற்கு அந்த வானிலை இடந்தரவில்லை. அத்துடன், இலத்தீன் வாசகமே வேண்டாம், சூழ்நிலைச் சான்றைச் சூழ்நிலைச் சான்றாகவே நிறுத்துப் பார்த்தாற் போதும் என்றும் அம்மன்று சொல்லிற்று. பெயர் போனாலும் சிந்தனை போகவில்லை என்க.

இனி, எதிராளி வாய் திறந்து விளக்கந் தந்தால் என்னாகும்? இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். எந்த விளக்கமும் போதும் என்பார் ஒரு சாரார். எந்த விளக்கமும் போதாது என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பிழை. இதற்கு இரண்டு பஸ் வழக்குகளை எடுத்துக் கொள்வோம். இரண்டிலும் வண்டி தெருவை மீறிச் சென்றது, முடிவுகளோ நேர்மாறானவை.

முதலாவது, தென் வேல்ஸ் நாட்டிலே போர்க்காலத்தில் நேர்ந்தது. பஸ் வண்டியின் முன்சக்கர டயர் வெடித்தது. வண்டி தெருவைக் கடந்து கரையிலிருந்து கீழே வீழ்ந்தது. கணவனை இழந்த பெண்ணொருத்தி வழக்கிட்டாள். டயர் வெடித்தமையே காரணம் என்றது கம்பனி. நம்மவர் பலர் இத்துடன் தலையசைத்து வீடு திரும்பியிருப்பர். டயர் வெடித்தால் யார் என்ன செய்வது! ஆனால் நீதிமன்று, டயர் ஏன் வெடித்தது என்று அடுத்த வினாவைத் தொடுத்தது. நிபுணர் ஆராய்ந்தனர். கடினமான அடியொன்றினால் டயரின் உட்பகுதி முன்பே முறிந்திருந்தது. அம்முறிவு வெளியே தெரியாது என்றது கம்பனி. கம்பனி டயர்களை ஒழுங்காகப் பார்வையிட்டும் வந்தது. ஆயினும் வெளியே தெரியாத முறிவைப் பார்வையினால் எவ்வாறு கண்டுபிடிப்பது? அதற்கு ஒரே வழி, சக்கரம் கடினமாக அடிபட்டால் ஓட்டுநர் உடனே அறிவிக்க வேண்டும் என்ற கட்டளை. அத்தகைய கட்டளை அக்கம்பனியில் இருக்கவில்லை. 1950 ஆம் ஆண்டிற் பிரபுக்கள் சபை அப்பெண்ணுக்குச் சார்பாகத் தீர்த்தது.

இவ்வழக்கிலே நாம் மிகவும் விரும்பும் பகுதி ஒன்றுண்டு. காரணம் முழுவதும் வெளிவந்த பின் ‘பொருள் பேசுகின்றது’ என்ற கோட்பாட்டுக்கு அங்கே வேலையில்லாது போயிற்று. எல்லாவற்றையும் மனிதரே பேசிவிட்டனர். கோட்பாட்டின் பயன் மூடிய கதவைத் திறப்பிப்பது. திறந்த பின்பு உள்ளே இருப்பது எதுவோ அதுவே தீர்ப்பை நிர்ணயிக்கும்.

இரண்டாவது வழக்கு ஹொங்கொங்கிலே நேர்ந்தது. நடுத்திட்டினாற் பிரிக்கப்பட்ட பெருந்தெருவில் ஓடிய பஸ் ஒன்று திட்டைக் கடந்து எதிர்ப்பக்கஞ் சென்று, அங்கே வந்த சிறு பஸ்ஸுடன் மோதியது. அச்சிறு பஸ்ஸில் உயிரிழப்பும் காயங்களும் நேர்ந்தன. வழக்காளர் கவனயீனத்துக்கு வேறு சாட்சியம் எதுவும் முன்வைக்கவில்லை. திட்டைக் கடந்தமையே போதும் என்றனர். அது சரியே, விளக்கம் வராதிருந்தாற் போதுமாயிருந்திருக்கும். ஆனால் ஓட்டுநன் வந்து, வேறொரு கார் திடீரெனத் தன் முன்னே வெட்டி நுழைந்தது, மோதலைத் தவிர்க்கத் தடுப்பை மிதித்தேன், வண்டி சறுக்கிற்று என்றான். நொடிப்பொழுதில் நேர்ந்த இடரிலே நியாயமான ஓட்டுநன் ஒருவன் செய்யக்கூடியதையே அவன் செய்தான் எனக் கண்ட பிரிவுக் கவுன்சில் 1988 ஆம் ஆண்டில் வழக்காளருக்கு எதிராகத் தீர்த்தது. எண்பிக்கும் பாரம் முதலிலிருந்து இறுதிவரை வழக்காளியிடமே இருக்கின்றது, அது ஒருபோதும் எதிராளியிடம் மாறுவதில்லை என்றும் கூறிற்று. எதிராளி தான் குற்றமற்றவன் என எண்பிக்க வேண்டியதில்லை. நம்பத்தக்க விடை தந்து, தராசை மீண்டும் சமநிலைக்குக் கொணர்ந்தாற் போதும்.

‘டயர் வெடித்தது’ என்பதும் ‘கார் வெட்டி நுழைந்தது’ என்பதும் கேட்ட மாத்திரத்தில் ஒரே வகையான சாட்டுப் போலத் தோன்றலாம். ஆனால் டயர் கம்பனியின் பரிபாலனத்தில் உள்ள பொருள். அது வெடித்தது என்பது கேள்வியை ஒரு படி பின்தள்ளுகின்றதேயன்றி விடை தருவதில்லை. குறுக்கே நுழைந்த காரோ பிறருடையது. நம் விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளை இந்த உரைகல்லிலே உரைத்துப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடும் அறிக்கை விளக்கமன்று. இயந்திரம் யாருடையது? கடைசியாக அதனைப் பார்வையிட்டவர் யார்?

இனி வைத்தியசாலைக்கு வருவோம். நோயாளியின் வயிற்றில் மறந்து விடப்பட்ட பஞ்சுத் துணியைவிட உரத்துப் பேசும் பொருள் உண்டோ என்று எவருங் கேட்பர். ஆயினும் தென்னாபிரிக்க நீதிமன்றுகள் இதே பொருளை ஒரு முறை ஊமை என்றும் மறுமுறை பேசும் என்றும் கொண்டன. நமக்கு இது அயல் கதையன்று. தீங்குக்கு ஈடு கோரும் வழக்குகளில் நம் நாட்டிலும் தென்னாபிரிக்காவிலும் அடித்தளமாயிருப்பது உரோம ஒல்லாந்தச் சட்டமே.

1924 ஆம் ஆண்டின் வழக்கிற் சத்திரசிகிச்சை அவசரமாகச் செய்யப்பட்டது. நோயாளியின் நிலை மோசமாயிருந்தது. துணிகளை எண்ணிக் கணக்குச் சொல்வது தாதியின் வேலை. கணக்குச் சரி என்று சொல்லப்பட்டது. வைத்தியரும் தம்மால் இயன்றவரை தேடினார். வயிற்றை விரைவில் மூடாவிடின் உயிருக்கே இடர். ஓராண்டின் பின் துணி வெளிப்பட்டது. வழக்கிடப்பட்டவர் வைத்தியர் ஒருவரே. துணி உள்ளே இருந்தது என்ற ஒன்றே அவரது கவனயீனத்தைக் காட்டாது என மேன்முறையீட்டு மன்று தீர்த்தது. அத்தீர்ப்பைத் தொண்ணூறு ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வந்தனர். 2014 ஆம் ஆண்டில் மற்றொரு பெண்ணின் வழக்கு அதே தரத்து மன்றை அடைந்தது. கருப்பையை அகற்றும் சிகிச்சையின்போது துணி உள்ளே விடப்பட்டிருந்தது. இம்முறை வழக்கிடப்பட்டது மாகாணச் சுகாதார அதிகாரம். வைத்தியர், தாதியர் யாவருக்கும் பொறுப்பாளி அதுவே. அதன் தரப்பிற் சாட்சி சொல்ல ஒருவரும் அழைக்கப்படவில்லை. கீழ்மன்று பழைய தீர்ப்பைக் காட்டி வழக்கைத் தள்ளியது. மேன்மன்று அதனை மாற்றி அப்பெண்ணுக்கு ஈடு கொடுக்கப் பணித்தது.

பஞ்சுத் துணி மாறவில்லை. ஆட்சி யாரிடம் இருந்தது என்பதும், விளக்கம் வந்ததா என்பதும் மாறின. தனி வைத்தியர்மீது மட்டும் வழக்கிட்டால் ‘எண்ணியவர் தாதி’ என்ற விடை உண்டு. முழு நிறுவனத்தின்மீது வழக்கிட்டால் அவ்விடைக்கு இடமில்லை. தாதியும் அதன் கையே. ஏழை மக்கள் தம் கோபத்தைக் கண்முன்னே நிற்கும் வைத்தியர்மீதோ ஓட்டுநன்மீதோ கொட்டிவிட்டு, அவர்களுக்குப் பின்னாலே நிற்கும் சபையை விட்டுவிடுகின்றனர். சபைக்கும் அது வசதியே. ஒரு சிற்றூழியனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு நீதி செய்தோம் என்று மார்தட்டிக் கொள்ளலாமன்றோ?

ஒன்றை இங்கே மறைக்காது சொல்லிவிடுதல் நம் கடன். வைத்தியத்தில் விரும்பத்தகாத முடிவு நேர்ந்தது என்பது மாத்திரம் எதையும் பேசுவதில்லை. மிகத் திறமையான கையிலும் நோயாளி இறப்பதுண்டு. துணி மறந்து விடப்பட்டது வேறு. இதயம் மயக்க மருந்தைத் தாங்காதது வேறு. பின்னதற்கு நிபுணரின் சாட்சியமின்றி வழக்கில்லை. அன்றியும் இவ்வாதம் நட்ட ஈட்டு வழக்குக்கு உரியதேயன்றி, ஒருவனைச் சிறைக்கு அனுப்பும் குற்ற வழக்கில், ‘பொருள் பேசுகின்றது’ என்ற ஒன்றைக் கொண்டு ஐயத்துக்கிடமின்றி எண்பித்ததாகக் கொள்ளல் ஆகாது. ஈட்டுக்கு எது கூடுதலாக இயலக்கூடியது என்ற தராசு போதும். விபத்து நடந்த மாலையே ஓட்டுநனைக் கொலைகாரன் என்று தலைப்பிடும் பத்திரிகைகள், நாமும் உட்பட, இதை நினைவிற் கொள்ளல் நன்று.

ஆங்கிலேயர் வழக்கும் ஆபிரிக்கர் வழக்கும் இருக்கட்டும், இலங்கையில் இதற்கு இடமுண்டோ என்று வாசகர் கேட்கலாம். உண்டு, அதற்கு இலத்தீன் மொழியும் வேண்டாம். 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114 ஆம் பிரிவைப் பார்க்க. இயற்கை நிகழ்ச்சிகளின் பொதுப் போக்கையும் மனிதரின் நடத்தையையும் அலுவல்கள் நடைபெறும் முறையையும் கருதி, நிகழ்ந்திருக்கக்கூடும் எனத் தோன்றும் விடயத்தை நிகழ்ந்ததாக நீதிமன்று அனுமானிக்கலாம் என்கின்றது அது. ‘அனுமானிக்கலாம்’ என்பதைக் கவனிக்க. அனுமானித்தே ஆக வேண்டும் என்பதில்லை. பொலக் சொன்னதும் இதுவே. 106 ஆம் பிரிவோ, ஒருவருடைய அறிவுக்குச் சிறப்பாக உட்பட்டிருக்கும் விடயத்தை எண்பிக்கும் பாரம் அவரையே சாரும் என்கின்றது. கம்பி எத்தினத்தில் மாற்றப்பட்டது, தடுப்பு எப்போது சீர்செய்யப்பட்டது, எண்ணிக்கைத் தாளில் எத்தனை துணிகள் பதியப்பட்டன என்பன யாருடைய அறிவுக்குச் சிறப்பாக உட்பட்டவை? வழிப்போக்கனுடையதா, சபையினுடையதா? பாரம் மாறுவதில்லை என்று மேலே சொன்னதை இப்பிரிவு கவிழ்த்துவிடுவதில்லை. முதற்றோற்றமாக ஒரு வழக்கை வழக்காளி நிறுத்திய பின்னரே எதிராளியின் மௌனம் அவனுக்கு எதிராக நிற்கும். ஆயினும் ‘சான்று இல்லை’ என்று எழுதும் குழுவின் கையிலேயே அச்சான்று பூட்டிக் கிடக்கின்றது என்பதை இவ்விரு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் படிப்போர் உணர்வர்.

ஆதலின் விபத்து நேர்ந்த குடும்பம் ‘கண்ட சாட்சி இல்லையே’ என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. காண வேண்டியது கவனயீனத்தையன்று, பொருளையும் சூழலையும். அன்று காற்றடித்ததா, தெரு நனைந்திருந்ததா, எதிரே வாகனம் வந்ததா, பொருளை வேறெவரும் தொட்டனரா என்பவற்றை அயலவர் எவரும் சொல்லலாம்; அவை கண்ணாரக் கண்டவை. இவற்றை அன்றே எழுதி, திகதியிட்டு, கைச்சாத்திட்டு வைத்தல் வேண்டும். அறுந்த கம்பியின் முனை துருவேறியிருந்ததா, புதிதாய் அறுந்து மினுங்கியதா என்பதைப் படமெடுத்தல் வேண்டும். ஏனெனில் ஒரு மணி நேரத்துக்குள் சபையின் லொறி வந்து அதனைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். அதன்பின் அது எந்தக் களஞ்சியத்திற் கிடக்கின்றது என்பதை அறிவார் எவருமிலர். அதனை அழிக்காது வைத்திருக்குமாறு சபைக்குச் சட்டத்தரணி மூலம் உடனே எழுத்தில் அறிவிக்கலாம். பராமரிப்பு இடாப்பின் பிரதியையும் அதே கடிதத்திற் கேட்கலாம்.

விசாரணைக் குழுவின் அறிக்கை வரட்டும் என்று காத்திருக்குமாறு சொல்வார்கள். காத்திருப்பது அவர்களுக்கு நட்டமன்று. காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி இத்தகைய தீங்குக்கு வழக்கிடும் உரிமை இரண்டாண்டுகளில் அற்றுப்போகின்றது. குழு கூடியது, ஒத்திவைத்தது, மீண்டும் கூடியது என்று அந்த இரண்டாண்டும் கழிந்த பின்னர், ‘கவனயீனத்துக்குச் சான்று இல்லை’ என்ற அந்த ஒரு வரி தபாலில் வந்து சேரும்.